பத்தாம் வகுப்பு டியூஷனுக்கு அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மன்னார்குடி பக்கம் பத்தாவது படிக்கும் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். சென்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் எங்களிடம் என்ன வாங்கினார்கள், பதிலுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் மே மாதம் பஸ் ஸ்டாண்டில் அவர்களுடைய ஃபிளெக்ஸைப் பார்த்தோம். நூற்றுக்கு நூறு தேர்ச்சி, 490க்கு மேல் இத்தனை பேர் என்று பதினொரு பிள்ளைகளின் படம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு கணக்கில் 48 வாங்கியிருந்தாள். பயத்தில் அந்த வாரமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். வருஷக் கட்டணம் 24,000 ரூபாய், சேரும்போதே பாதி. மெட்டீரியலுக்குத் தனியாக 2,000. இரண்டாவது தவணையை அக்டோபரில் கேட்டார்கள். நாங்கள் சம்பா நடும் நேரம் அது. தை அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டதும் கட்டுகிறோம் என்று வீட்டுக்காரர் போய்க் கேட்டார். "எல்லாருக்கும் ஒரே ரூல் சார்" என்று சொல்லிவிட்டார்கள். என் தோடும் ஒரு சங்கிலியும் கூட்டுறவுச் சங்கத்துக்கு அடகு போயின. ரசீது கேட்டதற்கு, நம்பர் இல்லாத ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

முதல் நான்கு மாதம் எனக்குச் சந்தோஷம்தான். தினமும் டெஸ்ட், தினமும் ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் லிஸ்ட். என் மகளுக்குக் கணக்கில் 88, 91, 94 என்று வந்துகொண்டிருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு எழுதியபோது வந்தது 54. சென்டரில் கேட்டதற்கு, "பாப்பா ஸ்கூல்ல டென்ஷன் ஆயிடுறா" என்றார்கள்.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சென்டர் மெட்டீரியலைக் காட்டினேன். 300க்கும் 600க்கும் இடையில் 7ஆல் வகுபடும் எண்களின் கூடுதல் காண்க என்று அதில் ஒரு கணக்கு இருந்தது. என் மகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். முதல் எண் 301, கடைசி எண் 595, மொத்தம் 43 உறுப்பு, விடை 19,264. எல்லாம் சரி.

அப்புறம் சார் எண்ணை மட்டும் மாற்றினார். 200க்கும் 500க்கும் இடையில், 9ஆல் வகுபடுவது. யோசித்து யோசித்து முதல் எண் 207, கடைசி எண் 495 என்று கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு அடுத்த வரியில் n = 43 என்று எழுதினாள். "43 எங்கேருந்து வந்துச்சும்மா?" என்று சார் கேட்டார். "இந்தக் கணக்குக்கு 43தான் சார் வரும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து, பொது வித்தியாசத்தால் வகுத்து, ஒன்று கூட்ட வேண்டும். 288ஐ 9ஆல் வகுத்தால் 32, ஒன்று கூட்டினால் 33. விடை 11,583. ஏழு மாதத்தில் ஒரு முறைகூட இதை ஏன் செய்கிறோம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ய வைத்து, டெஸ்ட்டில் அதே கணக்கை அதே எண்ணோடு கேட்டிருக்கிறார்கள். அந்த 94க்கு அர்த்தம் அவ்வளவுதான்.

பொதுத்தேர்வில் இது எங்கே உதைக்கும் என்று சார் கேள்வித்தாளை வைத்துக் காட்டினார். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2 எழுத வேண்டும்; தாளில் சாய்ஸோடு அதற்கு மேலும் வினா இருக்கும். இதில் 28ஆவது வினாவும் 42ஆவது வினாவும் கட்டாய வினா, சாய்ஸ் கிடையாது. பெரும்பாலும் அங்கேதான் கணக்கைத் திருப்பிக் கேட்பார்கள். மனப்பாடப் பிள்ளைக்கு அந்த 7 மதிப்பெண் அங்கேயே போய்விடும்.

உள்ளதையும் சொல்ல வேண்டும். வடிவியல் வரைதலும் கிராஃபும் அங்கே நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் காம்பஸும் ஸ்கேலும் கையில் கொடுத்து வரைய வைத்தார்கள். அந்த இரண்டு எட்டு மதிப்பெண் வினாவும், ஆக 16 மதிப்பெண், என் மகளுக்கு உறுதியாகிவிட்டது. அறிவியல் எடுத்த மேடமும் பொறுமைசாலி. ஆனால் இதற்கு 26,000 ரூபாய் ரொம்ப அதிகம்.

அரையாண்டு முடிந்ததும், கணக்கில் 60க்குக் கீழே வாங்கிய பிள்ளைகளைப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்கு மாற்றினார்கள். "ஸ்பெஷல் பேட்ச்" என்று பெயர். காலேஜ் படிக்கும் ஒரு பையன்தான் பாடம் எடுத்தான். ஃபீஸ் மட்டும் குறையவில்லை. நிறையப் பேர் நின்றுவிட்டார்கள். நாங்களும் பொங்கலோடு நிறுத்திவிட்டோம், மீதிப் பணம் திரும்பவில்லை.

இந்த வருஷம் ரிசல்ட் வந்தது. மறுபடியும் அதே பஸ் ஸ்டாண்டில் அதே நூற்றுக்கு நூறு. வீட்டுக்கு வந்து பழைய மார்க் லிஸ்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஜூலை மாத லிஸ்ட்டில் 64 பேர். பிப்ரவரி மாத லிஸ்ட்டை அங்கேயே படித்த ஒரு பிள்ளையின் அம்மாவிடம் வாங்கினேன். அதில் 41 பேர். அவர்கள் சொன்ன நூறு சதவீதம் அந்த 41 பேரை வைத்துத்தான். ஃபிளெக்ஸில் முதல் படத்தில் இருக்கும் பெண் என் மகளின் பள்ளிக்கூடம்தான். ஜூலை லிஸ்ட்டில் அவள் பெயரே இல்லை. பால் சொசைட்டியில் அவள் அம்மாவைப் பார்த்தபோது கேட்டேன். "ஜனவரியிலதான் கூப்பிட்டாங்க அக்கா. காசு வேணாம், டெஸ்ட் மட்டும் வந்து எழுதட்டும்னாங்க" என்றார். நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் கடைசியில் இலவசமாகச் சேர்த்துப் படம் போட்டிருக்கிறார்கள். பணம் கட்டிய என் மகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

என் மகள் கணக்கில் 67 வாங்கினாள். அரையாண்டுக்கும் பொதுத்தேர்வுக்கும் நடுவில் எதிர் வீட்டு சாரிடம் மாதம் 500 ரூபாய்க்குப் படித்தாள். ஒரு நாளைக்கு ஐந்தே கணக்கு, எல்லாம் எண் மாற்றிய கணக்கு. 28ஆவது வினாவைப் போட்டுவிட்டாள், 42இல் பாதி வந்தது.

ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் சென்டர்கள் பொய்யான விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கிறது. ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டால், அந்தப் பிள்ளை எந்தக் கோர்ஸில் படித்தது, பணம் கட்டிப் படித்ததா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை வைத்து 1915 உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். எண் இல்லாத அந்த வெள்ளைத்தாள் ரசீதுதான் இப்போது எனக்குப் பெரிய தொல்லை. நீங்கள் எங்கே பணம் கட்டினாலும், சென்டர் பெயரும் தேதியும் வரிசை எண்ணும் உள்ள ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். ஃபிளெக்ஸைக் காட்டினால், போன ஜூலையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டு, அந்த மாத மார்க் லிஸ்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். சேர்த்து இரண்டு வாரம் ஆனதும், பிள்ளை முழு மார்க் வாங்கிய ஒரு கணக்கை எடுத்து எண்ணை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கணக்கு உங்களுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, "இந்த வரி எப்படி வந்துச்சு?" என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

ஜூலை லிஸ்ட்டும் பிப்ரவரி லிஸ்ட்டும் என் போனில் இருக்கின்றன. பிள்ளைகளின் பெயரை மறைத்துக் காட்டுகிறேன், வேண்டியவர்கள் கேளுங்கள்.