16-ஆம் தேதி கமிஷன் தரும் கடையா? ஸ்லாப் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்

ஊட்டியில் சீசனுக்கு டீத்தூள், சாக்லேட், தைலக் கடைகளில் சேல்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை பெயர் சொல்லப் போவதில்லை. இப்படிக் கணக்குப் போடும் கடை அது ஒன்றுதான் என்று நான் நம்பவில்லை, அதனால் பெயரைவிட வித்தை தெரிந்தால் போதும்.

சம்பளம் கம்மி, கமிஷன் உண்டு என்றுதான் சேர்த்தார்கள். கையில் கொடுத்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: மாத விற்பனையில் முதல் 1 லட்சத்துக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 3 லட்சம் வரை 4 சதவீதம், 3 லட்சத்தைத் தாண்டினால் 7 சதவீதம். அந்தந்த ஸ்லாப்புக்குள் வரும் தொகைக்கு மட்டும் அந்தந்த சதவீதம், விலை வரி நீங்கலாக. இதுவரை எந்தக் குறையும் சொல்ல முடியாது, நியாயமான தாள்தான்.

மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டம், நிற்க நேரமில்லாத வியாபாரம். என் பேரில் விழுந்த பில்கள் மொத்தம் 4,60,000. கையில் வந்த கமிஷன் 14,400.

என்னோடு இருந்த கூடலூர்ப் பையனுக்கும் இதே மாதிரிதான் வந்திருந்தது. அவன் நேராக மேனேஜரிடம் போய், "சார், 3 லட்சம் தாண்டிட்டேன், எல்லாத்துக்கும் 7 பர்சன்ட் போடணும்ல?" என்று கேட்டான். மேனேஜர் கோபப்படவே இல்லை. அவனை உட்கார வைத்து, தாளை எடுத்து, "தம்பி, தாண்டின தொகைக்கு மட்டும்தான் 7, கீழே இருக்கிறதுக்குக் கீழ் ரேட்தான்" என்று பொறுமையாக விளக்கினார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், பையன் முகம் சுருங்கிப் போய் வந்துவிட்டான். மேனேஜர் சொன்னது சரி. ஆனால் அந்தச் சரியான விளக்கத்தின்படி போட்டாலும் 14,400 வராது என்பதை அன்று அங்கே யாரும் கவனிக்கவில்லை. பேராசைப்பட்டுக் கேட்கிற ஒருவனைத் திருத்துகிற சாக்கில் மற்ற எல்லோர் வாயையும் அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று பாருங்கள். முதல் 1 லட்சத்துக்கு 2,000. அடுத்த 2 லட்சத்துக்கு 4 சதவீதம், 8,000. மீதி 1,60,000-க்கு 7 சதவீதம், 11,200. கூட்டினால் 21,200. கையில் வந்ததை விட 6,800 அதிகம்.

இந்த 6,800 எங்கே போனது என்பதுதான் விஷயம். கடையில் 16-ஆம் தேதி அதுவரை வந்த விற்பனைக்குக் கமிஷன் கொடுத்துவிடுவார்கள். மாதக் கடைசி வரை காக்க வேண்டாம், வாடகைக்கு ஆகும், முதலாளி தங்கமான மனுஷன் என்று எல்லோருக்கும் சந்தோஷம். முதல் பாதியில் என் விற்பனை 2,10,000. அதற்கு 2,000 கூட்டல் 4,400, மொத்தம் 6,400 கொடுத்தார்கள். பைசா சுத்தமான கணக்கு. ஆனால் 16-ஆம் தேதியிலிருந்து ஸ்லாப்பை மறுபடி பூஜ்யத்தில் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் பாதி விற்பனை 2,50,000. அதில் முதல் 1 லட்சத்துக்கு மறுபடி 2 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம், ஆக 8,000. ஏற்கனவே 2,10,000-ல் நிற்கிற ஆள் அடுத்து விற்பதில் 90,000-க்கு 4 சதவீதமும் 1,60,000-க்கு 7 சதவீதமும் வாங்க வேண்டும், அதாவது 14,800. மாதத்தை இரண்டாக வெட்டியதில் எந்தப் பாதியும் 3 லட்சத்தைத் தொடவில்லை, 7 சதவீதம் தாளோடு நின்றுவிட்டது.

வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி ஈ.பி. மீட்டர் போடுவது எதற்கு? யூனிட் பிரிந்தால் மேல் ஸ்லாப்புக்குப் போகாது, பில் குறையும். நமக்குத் தர வேண்டிய பணத்தில் அதையேதான் செய்திருக்கிறார்கள். ரேட் ஏறிக்கொண்டே போகிற எந்த ஸ்லாப்பிலும் தொகையை உடைத்தால் மொத்தம் குறையலாம், ஒருநாளும் அதிகமாகாது. டீ கவுண்டர் விற்பனைக்குத் தனி ஸ்லாப், சாக்லேட் கவுண்டருக்குத் தனி ஸ்லாப் என்று போட்டாலும் இதே கதைதான்.

இது சில மாதங்களில் தெரியவே தெரியாது என்பது இன்னொரு கொடுமை. மழைக்காலத்தில் மாதத்துக்கே 90,000 தான் ஓடும், அதை எத்தனை துண்டாக வெட்டினாலும் 1,800 தான் வரும். அதனால் பழைய ஆட்களைக் கேட்டால் "இங்க கணக்கெல்லாம் கரெக்டா இருக்கும்மா" என்பார்கள். அடி விழுவது சீசனில் மட்டும், நாம் நாக்குத் தள்ள ஓடுகிற மாதத்தில்.

எனக்குப் பொறி தட்டியது ஒரு பில்லால்தான். மாதக் கடைசி நாளில் கோயம்புத்தூர் பார்ட்டி ஒன்று டீத்தூளும் தைலமுமாக 12,000-க்கு வாங்கியது. அப்போது நான் மாத மொத்தத்தில் 3 லட்சத்தை எப்போதோ தாண்டியிருந்தேன், ஆகவே அந்த ஒரு பில்லுக்கு மட்டும் 840 ஏற வேண்டும். அக்கவுண்ட்ஸில் இருக்கிற அக்காவிடம் சீட்டை வாங்கிப் பார்த்தால் அந்த வரியில் 480 என்று இருந்தது. 4 சதவீதம். நீங்களும் இப்படிப் பார்க்கலாம்: முழுக் கணக்கும் வேண்டாம், மாதக் கடைசியில் போட்ட ஒரு பில்லுக்கு எவ்வளவு ஏறியது என்று மட்டும் பாருங்கள். நீங்கள் நிற்கும் ஸ்லாப்பின் ரேட் அதில் தெரியாவிட்டால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள்.

போனில் ஷீட் வைத்திருப்பவர்கள் B2-ல் மாத மொத்தத்தைப் போட்டு இதை அடியுங்கள்:

```
=B2*2%+MAX(0,B2-100000)*2%+MAX(0,B2-300000)*3%
```

2, 2, 3 என்று ஏன் என்றால், முழுத் தொகைக்கும் 2 போட்டுவிட்டு, 1 லட்சத்துக்கு மேலே கூடுதலாக 2, 3 லட்சத்துக்கு மேலே இன்னும் 3 ஏற்றுகிறோம். 2, 4, 7 ஆகிவிடும். உங்கள் கடை ரேட் வேறு என்றால் ரேட்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் போடுங்கள், நேராக 4, 7 என்று போட்டால் தப்பாக வரும். 4,60,000 கொடுத்தால் 21,200 வருகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கணக்கோடு போய்க் கேட்டதற்கு மேனேஜர், "பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா முடிக்கிறது நம்ம கடை வழக்கம்மா" என்றார். தாளில் "மாத விற்பனை" என்றுதான் இருக்கிறது என்று காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அப்புறம் 3,000 கொடுத்து இதோடு முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன், ஆனால் வவுச்சரில் "பாக்கி 3,800" என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கூடலூர்ப் பையனுக்கு அந்த 3,000 கூடக் கிடைக்கவில்லை.

மாதத்தின் நடுவில் பணம் தருவது தப்பில்லை, அது முன்பணமாக இருக்கும் வரை. சேரும்போதே தாளில் இந்த ஒரு வரியை எழுதி வாங்கிவிடுங்கள்: "ஸ்லாப் கணக்கு 1-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை எல்லா கவுண்டர் விற்பனையும் சேர்த்து ஒரே தடவை போடப்படும், நடுவில் தந்த தொகை அதில் கழிக்கப்படும்." எழுதித் தர யோசிக்கிற கடையில் சம்பளம் மட்டும் பேசி முடியுங்கள், கமிஷனை நம்பி ரூம் வாடகைக்குச் சொல்லிவிடாதீர்கள்.