தையல் கடைக்கு வந்த ஒற்றை நட்சத்திரங்களும் அக்கா எழுதிய பதில்களும்

கும்பகோணத்தில் அக்கா நடத்துகிற தையல் கடையின் கூகுள் பக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். ஒன்றும் இரண்டுமாக நட்சத்திரம் போட்டு எழுதப்பட்ட புகார்கள் பதினான்கு இருந்தன. எல்லாவற்றுக்கும் அக்கா பதில் எழுதியிருந்தாள். ராத்திரி கடை அடைத்த பிறகு, களைப்பிலும் கோபத்திலும் எழுதியவை. அதில் ஒன்று: “அளவு ஜாக்கெட் கொடுத்தது நீங்கதான். உங்க உடம்பு ஏறினதுக்கு நாங்க பொறுப்பா?”

இதை மாற்றியாக வேண்டும் என்பதில் அக்காவுக்கே மறுப்பு இல்லை. எப்படி மாற்றுவது என்பதில்தான் மூன்று வழிகள் இருந்தன. பழைய பதில்களை அழித்துவிட்டுச் சும்மா இருப்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மரியாதையான பதிலை ஒட்டுவது இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்தி எழுதுவது மூன்றாவது. நாங்கள் மூன்றாவதைத்தான் செய்தோம், இரண்டு ஞாயிறு பிடித்தது. மறுபடியும் செய்யச் சொன்னாலும் அதையே செய்வேன்.

அழிப்பது ஐந்து நிமிட வேலை. கடைக்காரரின் பதிலைக் கடைக்காரரே அழிக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் எழுதியதை நாம் அழிக்க முடியாது. புகார் அப்படியே நிற்கும், கீழே வெற்றிடம் இருக்கும். “ஓனர் ரொம்ப மோசமா பதில் சொல்றாங்க” என்று இரண்டு பேர் தங்கள் ரிவ்யூவைத் திருத்திச் சேர்த்திருந்தார்கள். அதுவும் நிற்கும்.

ஒரே பதிலை ஒட்டுவது பார்வைக்குச் சுத்தம். “தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். எங்களைத் தொடர்பு கொள்ளவும்” என்று பல கடைகளில் பார்க்கிறோம். ரயில் தாமத அறிவிப்பு காதில் விழுகிற மாதிரி இருக்கிறது. பேச்சுத் தமிழில் கோபமாக எழுதியவரிடம் ‘தாங்கள்’ என்று ஆரம்பித்தால் விலகி நிற்பது போலத் தெரிகிறது. ‘நீங்கள்’ போதும். அதைவிடப் பெரிய சிக்கல் அந்தத் ‘தொடர்பு கொள்ளவும்’. அவர் போன் செய்தால் எடுப்பது காஜா எடுக்கிற பெண்ணாக இருக்கும், அவளுக்கு விவரம் தெரியாது. புகாரை முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். மரியாதையாக எழுதிவிட்டு இரண்டாம் முறை அலைக்கழிப்பது கடுமையாக எழுதுவதைவிட மோசம் என்று நினைக்கிறேன்.

தனித்தனியாக எழுதும் வழியைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே காரணம் போதுமானதாக இருந்தது. அப்படி எழுத வேண்டுமென்றால் பில் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். என்ன நடந்தது என்று தெரியாமல் ஒரு வரிகூட நகராது. ஒரு கடையை முதல்முறை தேடி வருகிறவர் குறைந்த நட்சத்திரங்களையும் திறந்து பார்க்கக்கூடும். தப்பு நடந்தால் இந்தக் கடை என்ன செய்யும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அதற்கான பதில் பில் புத்தகத்திலும் கடை வழக்கத்திலும்தான் இருக்கிறது.

அந்த ‘உடம்பு ஏறின’ பதிலையே எடுத்துக்கொள்கிறேன். புகார் இது: “கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம்தான் கொடுத்தாங்க. கை பிடிக்குது. சரி பண்ண நேரமே இல்ல.” பில்லைப் பார்த்தோம். தருவதாகச் சொன்ன தேதிக்கு மூன்று நாள் கழித்துக் கொடுத்திருக்கிறோம். கை பிடித்ததற்கும் காரணம் புரிந்தது. அவர் அளவுக்குக் கொடுத்தது பல தடவை உடுத்தித் தளர்ந்த பருத்தி ஜாக்கெட். தைத்தது லைனிங் வைத்த பட்டு, அது இழுத்தால் கொடுக்காது. அந்த அளவை அப்படியே போட்டால் கை இறுக்கமாகத்தான் இருக்கும், கொஞ்சம் கூட்டி வெட்டியிருக்க வேண்டும். உடம்பு ஏறவே இல்லை. அக்கா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

முதலில் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து பேசினாள். நாம் பதில் போட்டால் ரிவ்யூ எழுதியவருக்கு அறிவிப்பு போகும். எதுவும் சொல்லாமல் திடீரென்று அது போய் நிற்கக் கூடாது என்பதற்காக. அப்புறம் இப்படி மாற்றினோம்:

“வணக்கம். சொன்ன தேதிக்கு மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தோம். அதனால் போட்டுப் பார்த்துச் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இல்லாமல் போனது. கை இறுக்கமாக இருந்ததும் எங்கள் தவறு. மன்னியுங்கள். உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருக்கிறோம். எப்போது கொண்டு வந்தாலும், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே பிரித்துத் தைத்துத் தருகிறோம், காசு வேண்டாம். முன்பு இங்கே உங்களைப் புண்படுத்தும்படி எழுதியதற்கும் வருந்துகிறோம்.”

கடைசி வரி வேண்டுமா என்று நிறைய யோசித்தோம். பதிலைத் திருத்தினால் பழையது யாருக்கும் தெரியாது, சத்தமில்லாமல் மாற்றிவிடலாம்தான். ஆனால் ‘மோசமா பதில் சொன்னாங்க’ என்று மேலே அவர் எழுதியிருக்க, கீழே நாம் தேனாகப் பேசினால் அவர்தான் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடும். பழையபடி எழுதியதை ஒரு வரியில் ஒப்புக்கொள்வதே நியாயம்.

எழுதும்போது கையில் வந்து ஒட்டிக்கொண்டவை இரண்டு. ஒன்று, ‘தவறு நடந்திருந்தால்’. நடந்தது பில்லிலேயே இருக்கும்போது அந்த ‘இருந்தால்’ எதற்கு? இன்னொன்று, மன்னிப்புக்குப் பின்னால் வருகிற ‘ஆனால்’. “மன்னியுங்கள், ஆனால் முகூர்த்த நேரத்தில் கூட்டம்” என்று எழுதினால் மன்னிப்பு போய்க் கூட்டம்தான் மிஞ்சுகிறது. அளவு, பில் தொகை, போன் நம்பர் மூன்றையும் எந்தப் பதிலிலும் எழுதவில்லை. ஒரு பெண்ணின் அளவை ஊர் பார்க்க எழுதுவது எந்தக் கோபத்திலும் கூடாது.

எல்லாப் புகாரும் நம் தப்பு அல்ல. சாயம் போனதாக ஒருவர் எழுதியிருந்தார், அது அவர் வாங்கி வந்த துணி. அங்கே மன்னிப்புக் கேட்கவில்லை. “துணி நீங்கள் கொடுத்தது, சாயத்துக்கு எங்களால் பொறுப்பேற்க முடியவில்லை. லைனிங்கில் கறை பட்டிருந்தால் அதை மட்டும் மாற்றித் தருகிறோம்” என்று எழுதினோம். இன்னொருவரின் பெயர் பில் புத்தகத்திலேயே இல்லை. ‘பொய் ரிவ்யூ’ என்று அக்கா எழுதியிருந்ததை “உங்கள் பில் எங்களுக்குக் கிடைக்கவில்லை, பில் எண்ணைச் சொன்னால் உடனே பார்க்கிறோம்” என்று மாற்றினோம். வெறும் வசவாக இருந்த ஒன்றுக்கு அக்கா எழுதியிருந்ததை அழித்துவிட்டு, புதிதாகப் பதில் போடாமல் கூகுளிடம் புகார் செய்தோம். ரிவ்யூவை மாற்றினால் தள்ளுபடி தருகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அது கூகுள் விதிப்படியும் கூடாது.

பதினான்கு என்பதால் இது முடிந்தது. மாதம் நூறு புகார் வருகிற ஜவுளிக்கடைக்கு இப்படி உட்காரச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அவர்கள் ஒரே பதிலை வைத்துக்கொண்டு, தாமதம், அளவு, சாயம் என்று இரண்டு மூன்றாகப் பிரித்தால் ஓரளவு சமாளிக்கலாமோ என்று தோன்றுகிறது. வியாபாரம் இதனால் கூடியதா என்றும் சொல்ல மாட்டேன், ஆவணி முகூர்த்தத்தில் கூட்டம் எப்படியும் வரும்.

இனிமேலான வேலைதான் கவனிக்க வேண்டியது. ‘காசு வேண்டாம்’ என்று பொதுவில் எழுதியாகிவிட்டது, அது கடையில் உட்காருகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் யாருக்கு என்ன எழுதியிருக்கிறோம் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்தோம். கை பிடித்த அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து ஜாக்கெட்டோடு வந்தபோது அக்கா கடையில் இல்லை. காஜா எடுக்கிற பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி, பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். ரிவ்யூவை அவர் இன்னும் மாற்றவில்லை. பில்லில் இப்போது டெலிவரி தேதிக்குப் பக்கத்தில் விசேஷத் தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது.