டியூஷன் சென்டர் தொறக்குறதுக்கு முன்னாடி பெஸ்டெல் போடணுமா, ஸ்வாட் போடணுமா?

ரெண்டுமே ஒரு தொழில ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிலவரத்த எடை போட்டுப் பாக்குற முறை. சின்ன டவுன்ல டியூஷன் சென்டர் போடலாம்னு நினைக்கிறவங்க முக்கால்வாசி பேரு ஸ்வாட்ல தான் ஆரம்பிக்கிறாங்க. ஒரு தாள்ல நாலு கட்டம் கீறி பலம், பலவீனம், வாய்ப்பு, மிரட்டல்னு எழுதினா ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். பெஸ்டெல் அப்படி இல்ல. அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், சுற்றுச்சூழல்னு ஆறு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் வெளிய போய் யாரையாவது கேக்கணும், அதனால தள்ளிப் போட்டுர்றாங்க. எஸ்டேட் டவுன்ல சென்டர் போடுறதுன்னா பெஸ்டெல் தான் முதல்ல வரணும்னு நான் சொல்லுவேன், ஸ்வாட் அதுக்கு அப்புறம் தான், அதுவும் கடைக்கு டெப்பாசிட் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டுமே முடிஞ்சிருக்கணும்.

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவும் அவங்க தம்பியும் போட்ட கணக்க வச்சே சொல்றேன். அக்கா தற்காலிக ஆசிரியரா இருந்து மலாய் சொல்லிக் குடுத்தவங்க, தம்பி கணிதத்துல கெட்டி. டவுன்ல ஒரு ஷாப்லாட்டுக்கு மேல் மாடி வாடகைக்கு வந்துச்சு, தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு பிள்ளைங்கள சேத்து ஆரம்பிக்கலாம்னு முடிவு. அவங்க எழுதின ஸ்வாட்ல பலம்னு "நல்ல ஆசிரியர், கட்டணம் கம்மி, டவுன்ல வேற சென்டர் இல்ல", பலவீனம்னு "முதல் கம்மி", வாய்ப்புன்னு "பிள்ளைங்க நிறைய", மிரட்டல்னு "போட்டி". இத எந்த ஊருக்கும் எந்த சென்டருக்கும் ஒட்டிக்கலாம், பிரச்சனையே அங்க தான் இருக்கு. அதுல "வேற சென்டர் இல்ல"ங்கிறது பலமே கிடையாது. நீங்க தொறக்கலன்னாலும் அது உண்மையா இருக்குமான்னு கேட்டுப் பாருங்க, இருக்கும்னா அது வெளி விஷயம், வாய்ப்புல தான் போகணும். நான் யாரோட ஸ்வாட்ட பாத்தாலும் முதல்ல இந்தக் கேள்விய தான் கேப்பேன், பாதி வரி இடம் மாறிரும்.

அப்புறம் பெஸ்டெல் போட்டாங்க. அரசியல் தலைப்புலயே கதை மாறிருச்சு. ஆறாம் ஆண்டு தேர்வு யூபிஎஸ்ஆர 2021ல எடுத்தாச்சு, படிவம் 3 தேர்வு பிடி3ய 2022ல எடுத்தாச்சு. முன்ன ஆறாம் ஆண்டுன்னா அப்பா அம்மா கடன் வாங்கியாவது டியூஷனுக்கு அனுப்புவாங்க, இப்ப பள்ளி மதிப்பீடு தான், அந்த அவசரம் பெத்தவங்ககிட்ட இல்ல. அவசரம் எல்லாம் படிவம் 5 தேர்வான எஸ்பிஎம்முக்குப் போயிருச்சு, அதுல மலாயும் வரலாறும் கட்டாயம் பாஸ் பண்ணணும், வரலாறு 2013லேர்ந்து அப்படித்தான். அதாவது இவங்க குறி வச்ச பிள்ளைங்க ஒரு பக்கம், காசு குடுத்து அனுப்பத் தயாரா இருக்கிற வீடுங்க வேற பக்கம். ஸ்வாட் தாள்ல இது வரவே இல்ல, ஏன்னா "வாய்ப்பு"ங்கிற கட்டம் உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சத தான் கேக்கும், தெரியாதத தேடச் சொல்லாது.

சமூகம் தலைப்புல இன்னொண்ணு. "எஸ்டேட்ல பிள்ளைங்க நிறைய"ன்னு எழுதினாங்கல்ல, போய் பாத்தா லயத்து வீடு பாதி வெளிநாட்டுத் தொழிலாளிங்க, நம்ம குடும்பங்க முக்கால்வாசி டவுன ஒட்டின தாமான்களுக்கு வந்தாச்சு. பிள்ளைங்க எண்ணிக்கைய தெரிஞ்சுக்க சுலபமான வழி தமிழ்ப்பள்ளில முதலாம் ஆண்டு எத்தனை பேரு, ஆறாம் ஆண்டு எத்தனை பேருன்னு கேக்குறது தான். கீழ் வகுப்பு சிறுசா இருந்தா அஞ்சு வருஷம் கழிச்சு உங்க வகுப்பும் சிறுசா தான் இருக்கும்.

பொருளாதாரத்துல குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரிலேர்ந்து 1,700 வெள்ளி ஆனது நல்லது தான், ஆனா மூணு பிள்ளை இருக்கிற வீட்டுல எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு பாடம் சேக்க முடியாது. அதனால கட்டணத்த சம்பளம் போட்ட வாரத்துல வாங்குறதுன்னும், ரெண்டாவது பிள்ளைக்கு கொறச்சுக்கிறதுன்னும் அப்பவே எழுதி வச்சுக்கிட்டாங்க. தொழில்நுட்பத்துலயும் சுற்றுச்சூழல்லயும் பெருசா ஒண்ணும் இல்ல, பிள்ளைங்க போன்ல ஆன்லைன் வகுப்பு பாக்குறதும் சாயங்கால மழையும் தான், ரெண்டு வரில முடிச்சிட்டாங்க. ஆறு தலைப்புக்கும் சமமா எழுதணும்னு யாரும் சட்டம் போடல.

சட்டம் தலைப்பு தான் தேதிய மாத்துச்சு. 1996 கல்விச் சட்டத்துப்படி டியூஷன் சென்டர மாநிலக் கல்வி இலாகால பதியணும், சொல்லிக் குடுக்கிறவங்களுக்கு பெர்மிட் வேணும், இடத்துக்கு தீயணைப்பு இலாகாவான பொம்பா, முனிசிபல் ரெண்டோட ஒப்புதலும் வேணும். மேல் மாடிக்கு ஒரே ஒரு படிக்கட்டு, அத பொம்பா ஒத்துக்குமான்னு தெரியாம வாடகை அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டா, வகுப்பே நடக்காம மாசா மாசம் வாடகை போகும். அதனால வீட்டுக்காரர்கிட்ட பேசி, ஒப்புதல் வந்தப்புறம் தான் வாடகை ஓடும்னு எழுதி வாங்குறதுன்னு முடிவு பண்ணாங்க. பெஸ்டெல்ல ஒரு வரி எழுதினா அது செலவையோ தேதியையோ முடிவையோ மாத்தணும், மாத்தலன்னா அந்த வரிய அடிச்சிருங்க, இல்லன்னா நாலு பக்கம் செய்தித்தாள் மாதிரி ஆயிரும். பெஸ்டெல் வீணாப் போறது இப்படித்தான்.

சரி, அப்ப பெஸ்டெல் மட்டும் போதுமான்னா, போதாது. எஸ்பிஎம் பிள்ளைங்கள சேக்கணும்னு அது சொல்லிருச்சு, ஆனா உங்களால முடியுமான்னு அது கேக்காது, அத ஸ்வாட் தான் கேக்கும். ரெண்டாவது தடவை ஸ்வாட் போட்டப்ப வாய்ப்பும் மிரட்டலும் பெஸ்டெல்லேர்ந்து நேரா வந்து உக்காந்துருச்சு, பலமும் பலவீனமும் அந்த வாய்ப்ப வச்சு எழுதினது. அக்காவுக்கு எஸ்பிஎம் மலாய் கட்டுரை திருத்தத் தெரியும், இது நிஜமான பலம். வரலாறு சொல்லிக் குடுக்க ஆள் இல்ல, இது நிஜமான பலவீனம். அரசாங்கப் பள்ளி ஆசிரியர் ஒருத்தர் வரேன்னாரு, ஆனா அவரு வெளி வேலைக்கு இலாகாகிட்ட அனுமதி வாங்கணும், கிடைக்காமப் போனா வகுப்பு நின்னுரும், இது மிரட்டல். "போட்டி"ங்கிற பழைய வரிக்குப் பதிலா கோயில் மண்டபத்துல சனிக்கிழமை நடக்கிற இலவச வகுப்புன்னு பேரோட வந்துச்சு. வேன் இல்லாததும் பலவீனத்துல தான் வந்துச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு வகுப்பு முடிஞ்சா எஸ்டேட் உள்ள இருக்கிற பிள்ளைங்க எப்படி வீட்டுக்குப் போகும், பள்ளி வேன் ஓட்டுற அண்ணன் சாயங்காலத்தோட ஓட்டத்த நிறுத்திருவாரு.

இதுக்கப்புறம் கட்டத்துக்குக் கட்டம் கோத்துப் பாக்கணும், 1982ல ஹைன்ஸ் வைரிச் எழுதின டௌஸ் முறை இது தான். பலத்த வாய்ப்போட கோத்தா, படிவம் 4, 5 பிள்ளைங்களுக்கு மலாயும் கணிதமும் வச்சு ஆரம்பிக்கலாம். பலவீனத்த மிரட்டலோட கோத்தா, வரலாறு இப்ப வேணாம், அனுமதி கையில வந்தப்புறம் பாத்துக்கலாம், விளம்பரத்துலயும் போடக் கூடாது. எஸ்டேட் பிள்ளைங்களுக்கு பள்ளி விட்ட உடனே ஒரு வகுப்பு, தாமான் பிள்ளைங்களுக்கு ராத்திரி ஒரு வகுப்பு.

நேரமே இல்ல, ஒண்ணு தான் போட முடியும்னா பெஸ்டெல்ல போடுங்க, அதுவும் அரசியல், சமூகம், சட்டம் மூணும் போதும். உங்க பலம் பலவீனம் உங்களுக்கு ஓரளவு தெரியும், இலாகாவும் தேர்வு வாரியமும் என்ன பண்ணி வச்சிருக்குன்னு கேட்டாத்தான் தெரியும். ஏற்கனவே வீட்டுல வகுப்பு நடத்தி பதிவும் பெர்மிட்டும் கையில வச்சிருக்கிறவங்க, டவுனுக்கு மாறுறாங்கன்னா மட்டும் ஸ்வாட்ல ஆரம்பிக்கலாம். ரெண்டுமே லாபக் கணக்கு போடாது, வாடகைக்கும் சம்பளத்துக்கும் எத்தனை பிள்ளை வேணும்னு தனியா ஒரு தாள்ல போட்டுக்கணும். அக்கா வீட்டுத் திட்டத் தாள்ல இப்ப மேல இருக்கிறது மூணு அனுமானம் தான்: பொம்பா ஒப்புதல் வரும், வரலாறு ஆசிரியருக்கு அனுமதி கிடைக்கும், வேன் அண்ணன் ரெண்டாவது ஓட்டத்துக்கு சம்மதிப்பாரு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல யாரு கேக்கணும், எந்தத் தேதிக்குள்ளன்னு எழுதிருக்காங்க. முதல் அனுமானம் தப்பினா அந்த ஷாப்லாட்ட விட்டுட்டு கீழ் மாடி தேடுவாங்க.