ஒரே ரிமோட்டும் நடுச்சாமத்தில் விழித்த தொலைக்காட்சியும்

அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்த பிறகுதான், எங்கள் வீட்டில் டிஷ் பெட்டியின் ரிமோட்டைத் தவிர இன்னும் மூன்று ரிமோட் கிடப்பது ஒரு தொல்லை என்று உறைத்தது. தொலைக்காட்சிக்கு ஒன்று, இணையப் படங்கள் பார்க்கும் ஆண்ட்ராய்டு பெட்டிக்கு ஒன்று, கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய சவுண்ட்பாருக்கு ஒன்று. மூன்றும் கறுப்பு, மூன்றும் ஒரே நீளம். சத்தத்தைக் குறைக்கப் போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நான் வேலையால் வரும்வரை அம்மா வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்த நாட்கள் உண்டு. 2022 தொடக்கத்தில், ஒரே ரிமோட்டுக்கு மற்றக் கருவிகளையும் பணிய வைக்கும் எச்.டி.எம்.ஐ. வழிக் கட்டுப்பாட்டை இயக்கி, அந்த மூன்றில் தொலைக்காட்சி ரிமோட்டை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். இலங்கையின் வடக்கே பரந்தன் பக்கத்து வீடு எங்களுடையது. கரண்ட் போய்ப் போய் வரும் இடம். இந்த வசதியின் நல்லதும் கெட்டதும் எனக்குப் புரிந்தது அந்த மின்வெட்டுகளால்தான்.

இதன் பொதுப்பெயர் சி.இ.சி. ஆனால் தொலைக்காட்சி மெனுவில் அந்தப் பெயரைத் தேடினால் பல வேளை கிடைக்காது. சாம்சங் அதை Anynet+ என்கிறது, சோனி BRAVIA Sync என்கிறது, எல்ஜி SIMPLINK என்கிறது. பெயர்தான் வேறு, அடிப்படை ஒன்றே. எச்.டி.எம்.ஐ. வயரின் 19 முனைகளில் 13ஆவது முனை இதற்கானது. படமும் ஒலியும் போகும் வழியோடு அதற்குத் தொடர்பில்லை. தொலைக்காட்சியின் எல்லாத் துளைகளிலும் அந்த 13ஆவது முனை ஒரே கம்பியாக இணைந்திருக்கும். எனவே ஒரு கருவி பேசினால் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும். கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் வளவில் உள்ள நாலு வீட்டுக்கும் கேட்பது போல.

அந்தக் கம்பி மிக மெதுவானது. ஒரு வினாடிக்குச் சுமார் 400 பிட் மட்டுமே போகும். சத்தத்தைக் கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், 'அழுத்தினார்' என்று ஒரு செய்தியும் 'விட்டார்' என்று ஒரு செய்தியும் போக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் குறைந்தது ஒரு வினாடியின் எட்டில் ஒரு பங்கு ஆகிவிடும். சவுண்ட்பாரின் சொந்த ரிமோட்டில் சத்தம் உடனே ஏறுவதும், தொலைக்காட்சி ரிமோட்டில் சற்றுப் பிந்தி ஏறுவதும் இதனால்தான். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கையை எடுத்த பிறகும் ஓரிரு படி ஏறிவிடும். ஒவ்வொரு தடவையாகத் தட்டி அழுத்தும்படி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதன்பின் அந்தக் குறை மறைந்தது.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. தொலைக்காட்சியை இயக்கினால் சவுண்ட்பாரும் விழித்துக்கொள்ளும். அதே ரிமோட்டின் அம்புப் பொத்தான்கள் ஆண்ட்ராய்டு பெட்டியின் மெனுவிலும் நகரும். அணைத்தால் எல்லாம் சேர்ந்து அணையும். டிஷ் பெட்டி மட்டும் இந்தக் கூட்டத்தில் சேரவில்லை. எங்களிடம் இருப்பதில் இந்த வசதி கிடையாது, ஆகவே அலைவரிசை மாற்ற அதன் ரிமோட் இன்றும் தேவைப்படுகிறது. வாங்கும் முன் பெட்டியின் அமைப்பு மெனுவைத் திறந்து இந்த வசதி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது.

பிறகு அந்த மார்ச் வந்தது. மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த காலம். ஓரிரவு இரண்டு மணியளவில் கரண்ட் வந்தது. அடுத்த நிமிடத்துக்குள் தொலைக்காட்சி தானாக இயங்கி, கூடம் முழுவதும் வெளிச்சமாகிவிட்டது. அம்மா எழும்பி வந்து, "தம்பி, நீயா ரிவியைப் போட்டாய்?" என்று கேட்டார். நான் போடவில்லை. அடுத்த இரவும் அப்படியே நடந்தது. தொலைக்காட்சி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தானாக விழித்த ஒவ்வொரு தடவையும் திரையில் இருந்தது டிஷ் பெட்டியின் படமல்ல, ஆண்ட்ராய்டு பெட்டியின் முகப்பு. அது ஒரு தடயம்.

என்னிடம் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று இருந்தது. அது அந்தக் கம்பியில் நடக்கும் பேச்சைக் கேட்கக்கூடியது. டிஷ் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அதைச் செருகி, இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

```
cec-client -m -d 8
```

இது எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். தொலைக்காட்சியை ரிமோட்டால் அணைத்துவிட்டு, ஆண்ட்ராய்டு பெட்டியின் மின்வயரை மட்டும் பிடுங்கி மீண்டும் செருகினேன். பெட்டி தொடங்கி முடியும் நேரத்தில் இரண்டு வரிகள் வந்தன. நேரக் குறிப்பை விட்டுவிட்டு எழுதினால் இப்படி இருக்கும்:

```
>> 40:04
>> 4f:82:20:00
```

முதல் எழுத்து பேசுபவர், இரண்டாவது கேட்பவர். 0 என்பது எப்போதும் தொலைக்காட்சி. 4 என்பது படம் ஓட்டும் கருவி, இங்கே ஆண்ட்ராய்டு பெட்டி. 04 என்றால் 'திரையை இயக்கு'. அடுத்த வரியில் f என்றால் எல்லோருக்கும். 82 என்றால் 'இப்போது படம் தருவது நான்தான்'. 20:00 என்பது அது இரண்டாவது துளையில் இருக்கிறது என்பதற்கான முகவரி. வரிகளைப் படித்து முடிக்கும் முன்னரே தொலைக்காட்சி விழித்துவிட்டது. தொலைக்காட்சியில் பழுது எதுவும் இல்லை. கரண்ட் வந்ததும் பெட்டி தொடங்குகிறது. யாரோ தன்னை இயக்கிவிட்டதாக எண்ணித் தொலைக்காட்சியை எழுப்புகிறது. மின்வெட்டு அடிக்கடி இல்லாத ஊரில் இதை ஒருவர் ஆண்டுக்கணக்கில் காணாமலே இருந்துவிடலாம்.

பகலில் எங்களைக் குழப்பிய இன்னொன்றும் இதே 82தான். அம்மா செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று பெட்டிக்குத் தாவும். தலையணைக்கு அடியில் கிடந்த பெட்டியின் ரிமோட் அழுந்தியிருக்கும். அந்த ரிமோட்டை இப்போது அலுமாரிக்குள் வைத்திருக்கிறோம்.

விழிப்புக்கு மருந்து மெனுவிலேயே இருந்தது. ஆண்ட்ராய்டுத் தொலைக்காட்சிகளில் உள்ளீடுகளுக்கான பகுதியில் மூன்று தெரிவுகள் தனித்தனியாக இருக்கும்: HDMI control, Device auto power off, TV auto power on. பலர் எரிச்சலில் முதலாவதையே அணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சவுண்ட்பாருக்கான ஒலிக் கட்டுப்பாடும் சேர்ந்து போய்விடும். நான் மூன்றாவதை மட்டும் அணைத்தேன். அன்றிலிருந்து பெட்டி எவ்வளவு கூப்பிட்டாலும் தொலைக்காட்சி எழும்புவதில்லை. இதற்கு ஒரு விலை உண்டு: பெட்டியின் ரிமோட்டால் தொலைக்காட்சியை இயக்க முடியாது. எங்கள் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி ரிமோட்டையே எடுப்பதால் அது இழப்பாகத் தெரியவில்லை.

சவுண்ட்பாரின் சிக்கலைத் தீர்க்க அதிக காலம் எடுத்தது. சில மின்வெட்டுகளுக்குப் பிறகு ஒலி தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியிலிருந்தே வரும். சவுண்ட்பாரில் விளக்கு எரியும், ஆனால் சத்தம் இல்லை. இதை அறிவது எளிது: சத்தத்தைக் கூட்டும்போது திரையில் சவுண்ட்பாரின் அடையாளம் வராமல் தொலைக்காட்சியின் அளவுக்கோடு வரும். சவுண்ட்பார் ARC என்று அச்சிட்ட துளையில் செருகப்பட்டிருக்கிறது. ஒலி தொலைக்காட்சியிலிருந்து சவுண்ட்பாருக்குத் திரும்பிப் போக வேண்டுமானால், முதலில் அந்த மெதுவான கம்பியில் இருவரும் பேசி உடன்பட வேண்டும். இரண்டுக்கும் ஒரே நொடியில் மின்சாரம் வரும்போது, என் தொலைக்காட்சி விசாரிக்கும் நேரத்தில் சவுண்ட்பார் இன்னும் பதில் சொல்லும் நிலைக்கு வந்திருக்காது. ஒருவரும் இல்லை என்று தொலைக்காட்சி முடிவு செய்துவிடும். பிறகு தானாகத் திரும்பிக் கேட்காது.

முதலில் நான் செய்தது எல்லா வயரையும் சுவரிலிருந்து பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டு, சவுண்ட்பாரை முதலிலும் தொலைக்காட்சியைப் பிறகும் இயக்குவது. ரிமோட்டால் அணைத்து எடுப்பது போதாது, ஏனென்றால் அப்போது கருவிகள் உறங்குகின்றனவே தவிர பழைய முடிவை மறப்பதில்லை. இது ஒவ்வொரு தடவையும் பலித்தது. ஆனால் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அம்மா குனிந்து வயர் பிடுங்க வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் வழியைக் காட்டியது பிரிட்ஜ். பிரிட்ஜுக்குப் போடும் வோல்டேஜ் கார்ட் கரண்ட் வந்ததும் உடனே திறக்காது. எங்களிடம் இருப்பது மூன்று நிமிடம் காத்திருந்துதான் மின்சாரத்தை விடும். அதேபோல் இன்னொன்றை வாங்கித் தொலைக்காட்சிக்கு மட்டும் போட்டேன். சவுண்ட்பாரை நேரே சுவரில் செருகினேன். இப்போது தொலைக்காட்சி உயிர்பெறும்போது சவுண்ட்பார் தயாராக இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, நாடு முழுவதும் மின்சாரம் போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் ஒலி தானாகவே சரியாக வந்தது.

பக்கத்து வீட்டில் வேறு கதை. ஐப்பசி மாத இடி மின்னலுக்குப் பிறகு அவர்களுடைய தொலைக்காட்சி ரிமோட்டுக்கு எந்தக் கருவியும் பணியவில்லை. படம் எல்லாவற்றிலும் நன்றாகவே வந்தது. அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துவிட்டு அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் அமைப்பைத் தொடவில்லை. எச்.டி.எம்.ஐ. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பயன்படாமல் செருகிக் கிடந்த பழைய டிவிடி பிளேயரின் வயரைக் கழற்றியதும் சவுண்ட்பார் உடனே பணிந்தது. பிளேயருக்கு மின்சாரமே கொடுக்கப்படவில்லை. ஆனால் அதன் உள்ளே கெட்டுப்போன பகுதி, எல்லோரும் பகிரும் அந்த ஒரு கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. ஒருவர் கம்பியை அப்படிப் பிடித்தால் மற்ற எவராலும் பேச முடியாது. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஊமையானால் வயர்களைக் கழற்றிப் பாருங்கள். ஒரு கருவி மட்டும் ஊமையானால் அதன் வயரை மாற்றிப் பாருங்கள். சில மலிவான வயர்களில் படம் வரும், 13ஆவது முனை இணைந்திருக்காது.

நான் இன்னும் சரிசெய்யாத ஒன்று இருக்கிறது. அக்காவின் மகன் வந்தால் தன் போனிலிருந்து புளூடூத் வழியாகச் சவுண்ட்பாரில் பாட்டுப் போடுவான். அம்மா தொலைக்காட்சியை அணைத்ததும் பாட்டும் நின்றுவிடும், ஏனென்றால் தொலைக்காட்சி உறங்கப் போகும்போது `0f:36` என்று எல்லோரையும் உறங்கச் சொல்கிறது. Device auto power off தெரிவை அணைத்தால் பாட்டு நிற்காது, ஆனால் ஒவ்வொரு இரவும் சவுண்ட்பாரைத் தனியாக அணைக்க வேண்டும். அதற்கு இன்னொரு ரிமோட் வேண்டும். அம்மாவின் கையில் அதையும் கொடுக்க எனக்கு மனமில்லை. அவன் வரும் நாட்களில் தொலைக்காட்சியை அணைக்காமல், திரையை மட்டும் அணைக்கும் பொத்தானை அழுத்துகிறோம்.