மாந்தோட்ட வலைப்பூவில் மூன்று வருமானம்: எது எந்தப் பக்கத்தில் எடுபடுகிறது

கிருஷ்ணகிரி மாவட்ட மா விவசாயத்தைப் பற்றித் தமிழில் எழுதும் சின்ன வலைப்பூ என்னுடையது. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம், காசு வாங்கிக்கொண்டு போடும் ஸ்பான்சர் பதிவு, நானே செய்து விற்கும் கணக்குத்தாள் ஆகிய மூன்றையும் சில சீசன்களாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். மொத்த வருமானத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. எந்தப் பக்கத்துக்கு வந்தவர் மூலம் அந்தக் காசு வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

என் தளத்தில் அதிகம் பேர் வருவது 'மாம்பூ ஏன் கொட்டுகிறது' என்ற பக்கத்துக்கு. மார்கழி, தை மாதங்களில் கூட்டம் அள்ளும். தத்துப்பூச்சியா, சாம்பல் நோயா என்று படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர்களிடம் எதையும் விற்க முடியாது. ஆனால் ஆட்சென்ஸுக்கு இந்தக் கூட்டமே போதும். ஆயிரம் பார்வைக்கு எனக்கு ஏறக்குறைய 45 ரூபாய் தேறுகிறது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும் என்பதால் சீசனில் ஓடி வந்த காசு, ஆடிக்குப் பிறகு அப்படியே தூங்கும். திரையை முழுசாக மறைத்துக்கொண்டு வரும் விளம்பரங்களை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். தோட்டத்தில் ஒரு கையில் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு படிப்பவருக்கு அது பெரிய தொல்லை.

இன்னொன்று, சொந்தக்காரர்கள். "மாப்ள, உனக்காகத் தினமும் நாலு விளம்பரம் அமுக்கறேன்" என்பார் மாமா. அப்படி அமுக்கியதைக் கூகுள் செல்லாத கிளிக் என்று கழித்துவிடும், மிஞ்சினால் கணக்கையே முடக்கும். மாமாவுக்கு இதைப் புரியவைப்பது தனி வேலை.

இதற்கு நேர் எதிர் குத்தகைக் கணக்குப் பக்கம். பூ பிடித்ததும் தோட்டத்தைக் குத்தகைக்குப் பேசுவார்கள் இல்லையா, எவ்வளவுக்குப் பேசலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டும் பக்கம் அது. வருகிறவர்கள் கொஞ்சம்தான், ஆனால் எல்லோரும் லட்சத்தில் பணத்தை இறக்கப் போகிறவர்கள். அங்கேதான் என் கணக்குத்தாளை 149 ரூபாய்க்கு வைத்திருக்கிறேன். மரம், எதிர்பார்க்கும் டன், கூழ் ஆலை விலை, மருந்து, பறிப்புக் கூலி, எடைமேடையில் பிடிக்கும் கழிவு எல்லாம் போட்டால், அதிகபட்சம் எவ்வளவு குத்தகை தாங்கும் என்று சொல்லும்.

பேமெண்ட் கேட்வேக்காரர் 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் பிடித்தால், ஒரு தாளுக்குக் கையில் நிற்பது சுமார் 145 ரூபாய். ஆயிரம் பேர் வந்து ஆறு பேர் வாங்கினாலும் 870-ஐத் தாண்டுகிறது. அதே ஆயிரம் பேரிடம் விளம்பரம் தருவது 45 தான். சரி, பூ கொட்டும் பக்கத்திலும் தாளை வைத்துவிடலாமே என்று தோன்றும். வைத்துப் பார்த்தேன், அனேகமாக யாரும் சீண்டவில்லை.

ஆனால் விற்றதோடு வேலை முடியாது. வாங்கியவர்களில் பாதிப் பேர் போனிலேயே திறப்பார்கள். டன் கேட்கும் கட்டத்தில் 2 என்று போடாமல் "2 டன்" என்று அடிப்பார்கள். அது எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடுவதால், கீழே மொத்தத்தில் `#VALUE!` என்று வந்து நிற்கும். அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன். இப்போது அலகைப் பக்கத்துக் கட்டத்தில் அச்சடித்துவிட்டு, எண்ணைத் தவிர எதையும் ஏற்காதபடி கட்டுப்பாடு போட்டிருக்கிறேன். அதன்பிறகு போன் வெகுவாகக் குறைந்தது. வாட்ஸ்அப்பில் தாள் இலவசமாகச் சுற்றுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. விலையையும் கூலியையும் ஒவ்வொரு சீசனும் புதுப்பித்து, வாங்கியவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்.

ஸ்பான்சர் பதிவில் ஒரே தடவையில் 3,000 வரை கிடைக்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வரும் கேட்புகளில் பெரும்பாலானவை கடன் ஆப், பணம் வைத்து ஆடும் ஆட்டம். அந்த ஆட்டங்களுக்கு விளம்பரம் செய்வதையே 2025-ல் வந்த சட்டம் தடை செய்கிறது, அதனால் பதிலே போடுவதில்லை. ஒரு மருந்துக் கம்பெனி, 'விளம்பரம்' என்ற சொல் இருக்கக் கூடாது, இணைப்பும் சாதாரண இணைப்பாகவே இருக்கணும் என்றது. காசு வாங்கிய இணைப்புக்கு, அதன் நிரலில் `rel="sponsored"` என்ற அடையாளம் போட வேண்டும் என்பது 2019-லிருந்து கூகுள் சொல்லும் முறை. மறைத்து மாட்டினால் தேடலில் தளமே கீழே போகும், பூப்பக்கத்துக் கூட்டமும் சேர்ந்து போகும். 3,000-க்கு அது கட்டுப்படியாகாது.

இப்போது பூப்பக்கத்தில் விளம்பரம் மட்டும், குத்தகைப் பக்கத்தில் தாள் மட்டும். ஸ்பான்சர் என்றால் நான் நேரில் பார்த்த நாற்றுப்பண்ணைதான், தலைப்பிலேயே 'விளம்பரம்' என்று போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு. காய்ப்பு இல்லாத வருஷத்தில் தாள் விற்பனை படுத்துவிடும். அந்த வருஷம் பூ ஏன் வரவில்லை என்று தேடுபவர்களால் விளம்பரக் காசு கொஞ்சம் கூடும்.