ஐசோநயசிட் கூட பி6 மாத்திரை: 3 மில்லிகிராமா, 10ஆ, 100ஆ?

மெடிக்கல் ஷாப்ல நின்னு பதினாறு வருஷம் ஆச்சு, டிபி மாத்திரை சாப்பிடுறவங்க கவுண்டர்ல வந்து கேக்குற கேள்விகள்ல ஒண்ணு மட்டும் மாறவே இல்ல. "கால் மதமதன்னு இருக்கு தம்பி, நரம்பு மாத்திரை ஏதாச்சும் குடு." கடைக்காரன் நிறைய பேரு உடனே கலர் கலரா இருக்குற கேப்ஸ்யூல் ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து நீட்டிடுறான். நானும் ஆரம்பத்துல அப்படித்தான் குடுத்தேன், பொய் சொல்லல. அப்புறம் எங்க மாமா விஷயத்துல வாங்கின அடிதான் அந்த ஸ்ட்ரிப்போட பின்பக்கத்தை திருப்பி படிக்க வச்சது.

முதல்ல ஏன் மதமதங்குதுன்னு பாத்துடலாம், அது புரிஞ்சா எந்த மாத்திரை எதுக்குன்னு தானா புரிஞ்சிடும். ஐசோநயசிட் 1952லயே வந்த பழைய மருந்து, டிபி கிருமிய கொல்றதுல இன்னைக்கும் கில்லி. ஆனா அது உடம்புக்குள்ள போனா பி6 விட்டமினோட வேலை செய்யுற வடிவத்தை கொக்கி மாதிரி பிடிச்சு ஒட்டிக்குது, ஒட்டின ஜோடி அப்படியே சிறுநீர்ல வெளிய போயிடுது. அது போக பி6ஐ வேலைக்கு தயார் பண்ற நொதியையும் தடுக்குது. ஆக சாப்பாட்டுல வர்ற கொஞ்சநஞ்ச பி6ம் நரம்புக்கு போய் சேராது. நீளமான நரம்புதான் முதல்ல பட்டினியில கிடக்கும், நம்ம உடம்புல நீளமான நரம்பு பாதத்துக்கு போறது, அதனாலதான் முதல்ல கால் விரல்ல சுருக் சுருக்குன்னு ஆரம்பிச்சு, அப்புறம் பாதம் எரிச்சல், அப்புறம்தான் கை விரலு. ரெண்டு காலும் ஒண்ணா வரும், இது முக்கியம். ஒரு கால் மட்டும், ஒரு கை மட்டும் மரத்துச்சுன்னா அது வேற கதை, இடுப்பு டிஸ்க்கோ மணிக்கட்டோ பாக்கணும்.

இப்ப போட்டிக்கு வர்றவங்களை வரிசையா நிறுத்துவோம். பி காம்ப்ளெக்ஸ் அல்லது "நரம்பு கேப்ஸ்யூல்", தனி பி6 10 மில்லிகிராம், தனி பி6 40-50, தனி பி6 100. இது கூட அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, எதுவுமே சாப்பிடாம இருக்குறது.

எதுவுமே சாப்பிடாம இருக்குறது முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன். சாதாரண அளவுல ஐசோநயசிட் சாப்பிடுற, நல்லா சாப்பிட்டு ஆரோக்கியமா இருக்குற வயசுப்பையன் ஒருத்தனுக்கு இந்தப் பிரச்சனை வர்றது அபூர்வம். அதனாலதான் உலக சுகாதார நிறுவனத்தோட பழைய வழிகாட்டுதல்ல எல்லாருக்கும்னு சொல்லாம, கர்ப்பிணி, பால் குடுக்குற அம்மா, சுகர் இருக்குறவங்க, குடிக்கிறவங்க, எச்ஐவி உள்ளவங்க, கிட்னி ஈரல் கோளாறு, உடம்பு வத்திப்போனவங்கன்னு ஆபத்து இருக்குறவங்களுக்குன்னு போட்டாங்க. ஆனா நம்ம ஊருல டிபி வர்றவங்க யாரு? இந்த லிஸ்ட்டுல ஒரு வரியாச்சும் பொருந்தாதவங்களை தேடித்தான் பிடிக்கணும். இன்னொரு விஷயமும் இருக்கு, ஐசோநயசிட்டை உடம்பு வெளியேத்துற வேகம் ஆளுக்கு ஆள் பிறப்புலயே மாறும், தென்னிந்தியர்கள்ல பாதிக்கும் மேல மெதுவா வெளியேத்துற வகை, அவங்க ரத்தத்துல மருந்து ரொம்ப நேரம் தங்கும், நரம்பு அடி வாங்குற வாய்ப்பும் அதிகம். நீங்க எந்த வகைன்னு யாரும் டெஸ்ட் எடுத்து பாக்குறதில்ல. அதனால எல்லாருக்கும் ஒரு சின்ன மாத்திரை குடுத்துடறதே என் கணக்குல சரி.

சரி, சின்னதுன்னா எவ்வளவு சின்னது? இதுக்கு பதில் நம்ம சென்னையிலயே கிடைச்சது, அது நிறைய பேருக்கு தெரியாது. சேத்துப்பட்டுல இருக்குற டிபி ஆராய்ச்சி நிலையம், அப்ப பேரு டியூபர்குலோசிஸ் கீமோதெரபி சென்டர், 1956ல ஆரம்பிச்சது. அங்க ஐசோநயசிட்டை மட்டும் பெரிய டோஸ்ல குடுத்து பாத்தப்ப நோயாளிங்களுக்கு கால் எரிச்சல் வரிசையா வந்துச்சு, மெதுவா வெளியேத்துறவங்களுக்குத்தான் அதிகம்னும் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் 1963ல வந்த அவங்க அறிக்கையில, அதே பெரிய டோஸ் ஐசோநயசிட் கூட தினமும் வெறும் 6 மில்லிகிராம் பி6 சேத்து குடுத்தா அதுவே போதும்னு காட்டினாங்க. ஆறு! இன்னைக்கு நாம சாப்பிடுற ஐசோநயசிட் அதுல பாதி கூட இருக்காது. அப்ப 10 மில்லிகிராம்ங்கிறது ஏற்கனவே கொஞ்சம் தாராளமான அளவுதான். அமெரிக்காக்காரங்க 25லேர்ந்து 50 வரைன்னு எழுதுறாங்க, அதுலயும் தப்பில்ல, ஆனா 10 குடுத்தா "குறைச்சலா குடுக்குறாங்க"ன்னு நினைக்க வேண்டாம்.

இப்ப மாமா கதை. ஐம்பத்தாறு வயசு, எடை 52 கிலோ, ஒம்பது வருஷமா சுகர், மெட்ஃபார்மின் சாப்பிடுறாரு, சாயந்திரம் ஆனா ஒரு குவாட்டர். நுரையீரல் டிபின்னு தெரிஞ்சு நாலு மருந்து சேந்த மாத்திரை தினம் நாலு குடுத்தாங்க. ஒரு மாத்திரையில ஐசோநயசிட் 75, நாலு சேந்தா 300, அவர் எடைக்கு சரியான அளவுதான், கூடவும் இல்ல குறையவும் இல்ல. ஆனா அந்த கூட்டு மாத்திரைக்குள்ள பி6 கிடையாது, அது தனியா 10 மில்லிகிராம்ல ஒரு குட்டி வெள்ளை மாத்திரையா வந்துச்சு. மாமா அதை "சத்து மாத்திரைதான மாப்ள, எனக்கு என்ன சத்து குறைஞ்சிருக்கு, ஏற்கனவே ஒரு கை நிறைய மாத்திரை"ன்னு எடுத்து பீரோ மேல வச்சுட்டாரு. சுகர், குடி, மெலிஞ்ச உடம்பு, மூணு வரி பொருந்துது, அவருக்குத்தான் அந்த மாத்திரை கண்டிப்பா வேணும், அவருதான் விட்டாரு.

ஏழாவது வாரம் பாதம் எரியுதுன்னு ராத்திரி ஈரத்துணி சுத்திக்கிட்டு படுத்தாரு. செருப்பு கழண்டு போனது கூட தெரியலன்னு அத்தை சொன்னாங்க. வீட்டுப் பக்கத்து கடையில ஒரு நரம்பு கேப்ஸ்யூல் வாங்கி ஒரு மாசம் சாப்பிட்டாரு, வெல கம்மி இல்ல. எனக்கு தெரிஞ்சப்ப அந்த ஸ்ட்ரிப்பை திருப்பி பாத்தேன், பி12 நிறைய, ஆல்பா லிபோயிக் ஆசிட் 100, ஃபோலிக் ஆசிட், கடைசியில பைரிடாக்சின் 3 மில்லிகிராம். பைரிடாக்சின்தான் பி6. நம்ம ஊர் கடைகள்ல கிடைக்கிற பி காம்ப்ளெக்ஸ், நரம்பு கேப்ஸ்யூல்ல நிறைய இந்த மூணுலதான் நிக்கும். சேத்துப்பட்டுல தடுக்குறதுக்கே போதும்னு சொன்ன அளவுல பாதி. ஏற்கனவே அடிபட்ட நரம்பை சரி பண்ண அது எப்படி பத்தும்? அதுவும் பேக்கெட்டு பளபளப்பா இருக்கும், மாத்திரை ஒண்ணு பதினஞ்சு இருவது ரூபா, சும்மா குடுத்த குட்டி வெள்ளை மாத்திரையை பீரோ மேல வச்சுட்டு இதை காசு குடுத்து வாங்கி சாப்பிட்டிருக்காரு.

டிபி டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன். அவர் முதல்ல டியூனிங் ஃபோர்க்கை தட்டி கால் கட்டைவிரல் எலும்புல வச்சாரு, அதிர்வு தெரியல, கணுக்கால் பின்னாடி சுத்தியலால தட்டினாரு, பாதம் அசையல. அப்புறம் சுகரும் பி12ம் பாக்க சொன்னாரு, ஏன்னா மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 குறையும், சுகரே கூட பாதத்தை எரிய வைக்கும், மூணும் ஒரே மாதிரி இருக்கும். பி12 கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, அதுக்கு தனியா ஊசி. பி6 தினம் 50 மில்லிகிராம்னு எழுதினாரு. டிபி மாத்திரையை நிறுத்தவே இல்ல, அதை கண்டிப்பா சொன்னாரு. எரிச்சல் மூணு வாரத்துல குறைஞ்சுது, விரல் நுனி மரப்பு மட்டும் நாலு மாசம் இருந்துச்சு, எரிச்சல் அடங்கினதும் டாக்டரே பழையபடி 10க்கு இறக்கினாரு. பி12 ஊசி பாதி வேலை செஞ்சதா பி6 செஞ்சதான்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாது, ஆனா முதல் மாசத்துலயே குட்டி மாத்திரையை சாப்பிட்டிருந்தா இந்த அளவுக்கு போயிருக்காதுன்னு நான் நம்புறேன்.

அப்ப 40-50ங்கிறது இதுக்குத்தான், வந்துட்டா அடக்க. சிகிச்சைக்கு 50லேர்ந்து 75 வரைன்னு ஒரு கணக்கு, 100 வரைன்னு இன்னொரு கணக்கு, டாக்டர் ஆள பாத்து முடிவு பண்ணுவாரு.

100க்கும் ஒரு இடம் இருக்கு. மருந்துக்கு கட்டுப்படாத டிபிக்கு பெரிய டோஸ் ஐசோநயசிட், எத்தியோனமைடு, சைக்ளோசெரின் இதெல்லாம் குடுக்குறப்ப பி6ஐயும் ஏத்துவாங்க. ஆனா அதுலயே லினசோலிட்னு ஒரு மருந்து இருக்கு, அதுவும் கால் எரிச்சல் குடுக்கும், அதை பி6 எவ்வளவு ஏத்தினாலும் தடுக்காது, அங்க லினசோலிட்டோட டோஸைத்தான் டாக்டர் கவனிக்கணும். பி6ஐ நம்பிக்கிட்டு எரிச்சலை சொல்லாம இருந்தா நரம்பு நிரந்தரமா போயிடும். (ஐசோநயசிட்டை ஒரே நேரத்துல கைநிறைய விழுங்கி வலிப்பு வந்தவங்களுக்கு கிராம் கணக்குல பி6ஐ ரத்தக்குழாய்ல ஏத்துவாங்க, ஒரு கிராமுக்கு ஒரு கிராம், அது ஆஸ்பத்திரி சமாச்சாரம், வீட்டு மாத்திரையோட குழப்பிக்க வேண்டாம்.)

"விட்டமின்தான, கூடுனா யூரின்ல போயிடும்"னு 100ஐ தடுப்புக்கே கேட்டு வாங்குறவங்க கிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், பி6 கூடுனாலும் அதே பாதத்தைத்தான் தாக்கும். 1983லயே அமெரிக்காவுல தினம் 2லேர்ந்து 6 கிராம் வரை சாப்பிட்டவங்க நடக்க முடியாம தடுமாறுன கதை மருத்துவ பத்திரிகையில வந்துச்சு. அதுக்கப்புறம் அதைவிட ரொம்ப குறைச்ச அளவுலயும் மாசக்கணக்கா சாப்பிட்டவங்களுக்கு வந்திருக்கு. ஐரோப்பாக்காரங்க 2023ல பெரியவங்களுக்கு தினசரி உச்ச அளவை 12 மில்லிகிராமா வச்சாங்க, அமெரிக்காவுல அது 100. ரெண்டும் ஆரோக்கியமா இருக்குறவங்க வருஷக்கணக்கா சாப்பிடுறதுக்கான கோடு, ஆறு மாச டிபி சிகிச்சைக்கு போட்டது இல்ல, அதனால 50 எழுதுன டாக்டர்கிட்ட போய் சண்டை போடாதீங்க. ஆனா டிபி கோர்ஸ் முடிஞ்சு ஒரு வருஷம் ஆகியும் 100ஐ தொடர்ந்து வாங்கிட்டு போற ஒருத்தர் எங்க கடைக்கு வந்தாரு, இருட்டுல பாத்ரூம் போறப்ப கால் எங்க வைக்கிறேன்னே தெரியலன்னாரு. கூடுன பி6ல வர்றது பெரும்பாலும் இப்படித்தான், எரிச்சலைவிட தடுமாற்றம் முன்னாடி நிக்கும், கண்ணை மூடி நின்னா ஆட்டம் காணும். அவரை டாக்டர்கிட்ட அனுப்பினேன், மாத்திரையை நிறுத்திட்டாங்க.

பால் குடுக்குற அம்மா ஐசோநயசிட் சாப்பிட்டா குழந்தைக்கும் பி6 வேணும்ங்கிறத மறந்துடுறாங்க, டாக்டர்கிட்ட குழந்தைக்கான அளவையும் சேத்து கேளுங்க.

இன்னைக்கு டிபி மாத்திரை ஆரம்பிக்கிற ஒருத்தர் கவுண்டர்ல வந்து எதை சாப்பிடட்டும்னு கேட்டா, சென்டர்ல குடுத்த 10ஐ பீரோ மேல வைக்காதீங்க, கேப்ஸ்யூலுக்கு காசு குடுக்காதீங்க, ரெண்டு பாதமும் ஒண்ணா சுருக்குனு வந்துச்சுன்னா அடுத்த மாச செக்கப் வரைக்கும் காத்திருக்காம அந்த வாரமே டிபி டாக்டரை பாருங்கன்னுதான் சொல்றேன். மாமா இப்ப டிபி குணமாகி நல்லா இருக்காரு. குவாட்டரை மட்டும் விடல.