ஹேரா, மிட்செலா: பொய்ப்பித்தல் சவாலுக்கு இரண்டு பதில்கள்

‘ஒரு தந்தை தம் பிள்ளைகளை நேசிப்பதுபோலக் கடவுள் நம்மை நேசிக்கிறார்’ என்று ஒருவர் சொல்கிறார். தொண்டைப் புற்றுநோயால் ஒரு குழந்தை இறந்துகொண்டிருக்கிறது. பெற்ற தந்தை உதவி தேடித் தவித்து ஓடுகிறார். விண்ணகத் தந்தையிடமிருந்து அசைவே இல்லை. ‘கடவுளின் அன்பு மனித அன்பைப் போன்றதன்று’ என்கிறார் நம்பிக்கையாளர். சரி, ஆனால் ‘தந்தையைப்போல’ என்ற ஒப்புமையில் இப்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? ‘அதன் நோக்கம் நமக்குப் புலப்படாது’ என்று அவர் மேலும் ஒரு திருத்தம் சேர்த்தால், எது நடந்தாலும் வாக்கியம் பிழைத்துக்கொள்ளும். 1950-இல் மெய்யியலாளர் ஆண்டனி ஃபுளூ எழுப்பிய பொய்ப்பித்தல் சவால் இதுதான். ஒன்றை வலியுறுத்துவது அதன் மறுப்பை விலக்குவதும் ஆகும். எனவே எதையுமே விலக்காத வாக்கியம் எதையும் வலியுறுத்தவில்லை. என்ன நிகழ்ந்தால் ‘கடவுள் நேசிக்கவில்லை’ என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதே அவர் நம்பிக்கையாளர் முன் வைத்த கேள்வி.

தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் ஒரு குழப்பத்தை இங்கேயே விலக்கிவிடலாம். அறிவியல் மெய்யியலாளர் கார்ல் பாப்பர் பொய்ப்பிக்கத்தக்க தன்மையை, அதாவது ஒரு கூற்றைத் தவறென்று காட்ட வழி இருப்பதை, அறிவியலுக்கும் அறிவியல் அல்லாததற்கும் இடையிலான எல்லைக்கோடாகவே வைத்தார். பொருளுள்ளது, பொருளற்றது என்று பிரிக்க அவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஃபுளூ கேட்பதோ, இங்கே ஒரு கூற்று முன்வைக்கப்படுகிறதா என்பது.

மெய்யியலாளர் ஆர். எம். ஹேர் ஃபுளூவின் சவாலின் தருக்கத்தை ஏற்றுக்கொண்டு, சமய மொழி கூற்றுகளை முன்வைக்கும் விளையாட்டிலேயே இல்லை என்கிறார். அவருடைய கதையில் ஒரு பித்தன், பேராசிரியர்கள் அனைவரும் தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று நம்புகிறான். நண்பர்கள் மிகச் சாதுவான பேராசிரியர்களாகப் பார்த்து அறிமுகப்படுத்துகிறார்கள். அந்தச் சாதுத்தனமே சூழ்ச்சி என்கிறான் அவன். எந்தச் சான்றும் அவனை அசைக்காது. இத்தகைய அடிப்படைப் பார்வைக்கு ஹேர் ‘பிளிக்’ என்று பெயரிடுகிறார். அவர் சொல்வதில் நுட்பமான இடம் அடுத்து வருகிறது: அவனிடம் பிளிக் உண்டு, நம்மிடம் இல்லை என்பதன்று, அவனிடம் இருப்பது பித்தான பிளிக், நம்மிடம் இருப்பது தெளிவான பிளிக். ஓட்டும் காரின் ஸ்டியரிங் உடையாது என்ற நம் நம்பிக்கையும் அப்படிப்பட்டதே.

இந்தப் பதில் கவர்ச்சியானது, ஆனால் விலை அதிகம். இரண்டு பிளிக்குகளும் எல்லா உண்மைகளோடும் ஒத்துப்போகுமென்றால், ஒன்றைத் ‘தெளிவானது’ என்றும் மற்றதைப் ‘பித்து’ என்றும் எதைக் கொண்டு பிரிப்பது? அந்தச் சொற்களைப் பயன்படுத்தும்போதே, உலகம் இப்படித்தான் இருக்கிறது என்ற ஒரு கூற்றை ஹேர் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறார். மேலும், பிரார்த்தனை செய்பவர் தம் பார்வையை வெளியிடுவதாக மட்டும் நினைப்பதில்லை. கேட்பவர் ஒருவர் இருப்பதாகவே நினைக்கிறார்.

இன்னொரு மெய்யியலாளரான பாசில் மிட்செல் எதிர்த்திசையில் போகிறார்: சமய வாக்கியங்கள் கூற்றுகள்தான், துன்பம் அவற்றுக்கு எதிரான சான்றுதான். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் எதிர்ப்புப் போராளி ஒருவன் அந்நியர் ஒருவரைச் சந்தித்து ஓர் இரவு முழுதும் பேசுகிறான். தானும் போராளிகளின் பக்கமே, உண்மையில் அவர்களுக்குத் தலைமை வகிப்பவனே தான் என்கிறார் அந்நியர். என்ன நடந்தாலும் தன்னை நம்பும்படி கேட்டுக்கொள்கிறார். பிறகு அவர் சில சமயம் உதவுகிறார், சில சமயம் காவல்துறைச் சீருடையில் தோழர்களை எதிரியிடம் பிடித்துக்கொடுக்கிறார். ‘அவர் நம் பக்கம்தான்’ என்று போராளி தொடர்ந்து சொல்கிறான், ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் போராடிக்கொண்டு. மிட்செல் பிடிக்கும் வேறுபாடு இதுதான்: ஒரு நிகழ்வு நம்பிக்கைக்கு எதிராக எண்ணப்படுவது வேறு, அதை முற்றாக வீழ்த்துவது வேறு. முதலாவதை ஏற்றாலே கூற்று எதையோ விலக்குகிறது. ஹேரின் பித்தனிடம் இல்லாதது இதுவே. போராளிக்கு நம்பத் தொடங்க ஒரு காரணமும் இருந்தது, அந்த முதல் இரவு.

இரண்டில் எனக்கு மிட்செலின் பதிலே வலுவானதாகப் படுகிறது. நம்புகிறவர் துன்பத்தின் முன் நடந்துகொள்வதை அது உள்ளபடி காட்டுகிறது. திருத்தம் வெறும் தப்பித்தலா என்பதற்கும் அது ஓர் அடையாளம் தருகிறது: விளக்கம் சொல்பவருக்கு அந்த விளக்கம் பாரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நிகழ்வும் பாரமாகாதபோது, போராளி ஹேரின் பித்தனாக மாறிவிட்டான். ஆனால் அந்த மாற்றம் எந்தக் கட்டத்தில் நிகழும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று மிட்செலே ஒப்புக்கொள்கிறார்.

ஃபுளூவின் மறுமொழி கதையின் பலவீனமான இடத்தைத் தொடுகிறது. அந்நியர் ஒரு மனிதர். மாறுவேடத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம், ஆட்பலக் குறைவு என்று அவருக்காகச் சொல்லக் காரணங்கள் உண்டு. எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த ஒருவருக்கு அந்தக் காரணங்களில் எதுவும் பொருந்தாது. ஆகவே மிட்செலைப் பின்பற்றுபவர் ஒன்று வல்லமையைக் குறைக்க வேண்டும், அல்லது குழந்தையின் படுக்கையருகே மறுபடி ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும்.